கிளியம்மாள் வாங்கி வந்த கையெழுத்து

திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிளியம்மாளும் நானும் ஆயா வேலை பார்த்தோம். பதினோரு வருஷமாக அவளுக்கு ராத்திரி டூட்டி. தினம் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுக்கு ஒரே ஒரு குறை. ஆடிக் கிருத்திகைக்கு மயிலம் முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். ஆனால் வார்டை ஒப்படைக்கக் காலை எட்டு மணி ஆகிவிடும். அவள் மலையேறும்போது அபிஷேகம் முடிந்திருக்கும்.

எண்பத்தாறாம் வருஷம் போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் நான்தான் எல்லோருக்கும் வாசித்துச் சொல்வேன். திங்கள் முதல் இரவு டூட்டியைக் காலை ஏழு மணிக்கே ஒப்படைக்க வேண்டும். பகல் டூட்டிக்கு வருபவர் வார்டுச் சாமான்களை எண்ணிப் பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட பிறகே இரவு ஆள் வெளியேறலாம். நோட்டீஸைத் தெரிந்துகொண்டதாக எல்லோரும் ஞாயிறுக்குள் தாளில் கையெழுத்திட வேண்டும்.

அந்தத் திங்கள்தான் ஆடிக் கிருத்திகை!

"முருகா, என் பக்கம் திரும்பிட்டியா!" என்று கிளியம்மாள் கைநாட்டு வைத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும்.

"ஏழு பேரு இருக்கு, ஆறு பேர்தான் போட்டிருக்காங்க. யாருதுக்கா அது?"

பார்த்தேன். லூர்துமேரி. காலையில் கிளியம்மாளிடம் வார்டை வாங்க வேண்டியவளே அவள்தான். ஒரு வாரம் லீவில் விழுப்புரத்தில் இருந்தாள், திங்கள்தான் வருவாள். விஷயம் தெரியாமல் எட்டு மணிக்குத்தான் வந்து நிற்பாள்.

வார்டு சிஸ்டர் ராஜாமணியிடம் ஓடினோம். "அடடா, லீவுல இருக்கறவள மறந்தே பூட்டேன்" என்று சிஸ்டர் தாளைக் கவரில் போட்டுக் கொடுத்தார். "உங்க ஊருதானே, நீயே வாங்கிக்கினு வா."

ஞாயிறு மாலை டூட்டிக்குக் கிளம்பும் முன் கிளியம்மாள் லூர்துமேரி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏழு மணிக்கா? நான் பல்லு வெளக்கறதே ஆறரைக்குடி!"

"நாளைக்கு ஒரு நாளு வெளக்காமயே வா. பதினோரு வருஷ நேர்த்திடி."

லூர்துமேரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். "மொத பஸ்ஸுக்கே வர்றேன் போ. உங்க முருகன்கிட்ட என் மூட்டு வலியையும் சொல்லு."

திங்கள் காலை ஏழுக்குப் பத்து நிமிஷம். தலைகூட வாராமல் லூர்துமேரி வார்டுக்குள் வந்தாள்.

"நாலாம் பெட்டு பெரியம்மாவுக்கு வெந்நி குடு. போர்வை இருபத்திரண்டு" என்றாள் கிளியம்மாள்.

லூர்துமேரி நிதானமாக எண்ணினாள். கிளியம்மாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஜல்தி எண்ணுடி!"

"இரு, இன்னொரு வாட்டி எண்றேன்" என்று கண்ணடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ராத்திரி டூட்டி முடித்திருந்த நானும் கூடவே போனேன். கிளியம்மாள் பால்குடத்தோடு மலையேறினாள். அவள் கொடுத்த பால் முருகன் தலையில் வழிந்ததைக் கண்ணாரப் பார்த்தோம். அவள் அழவில்லை, வாய் கொள்ளாமல் சிரித்தாள். பிறகு சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி, லூர்துமேரி மூட்டு" என்றாள்.