அவுட் பஞ்ச் இல்லாத நாள்

உத்திரமேரூர் தாண்டி, ஏரிக்கு எதிரே இருக்கும் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு எச்.ஆர். வேலை. சேர்ந்த புதிதில் பயங்கர கெத்து. காரணம், கம்பெனி போர்ட்டல். தொழிலாளி தன் போனில் தன் சம்பளச் சீட்டையும் தன் வருகையையும் மட்டும் பார்க்கலாம். டீம் லீடருக்கு அவர் டீமின் லீவும் வருகையும் தெரியும். அவருக்கு மேலே ஷிப்ட் இன்ஜினியர், அவருக்குக் கீழே இருப்பவர்களைப் பார்க்கலாம். எனக்கோ மொத்தக் கம்பெனியும் திறந்து கிடக்கும். என்னைத் திமிரோடு முறைத்துவிட்டுப் போகிறவனின் போன மாதச் சம்பளம் எனக்குத் தெரியும் என்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் புரியும்.

ஒரு நாள் காலையில் ஷிப்ட் இன்ஜினியர் முகமெல்லாம் வெளுத்துப்போய் வந்தார். போனை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார், அது சுடுவது போல.

"பாரு மேடம். நீயே பாரு."

வெல்டிங் டீம் லீடரிடமிருந்து ஒரு கோரிக்கை வந்திருந்தது. "பஞ்ச் விட்டுப்போனது. அனுமதிக்கவும்." அந்த டீம் லீடருக்கு முந்தைய வாரம்தான் காரியம் முடிந்திருந்தது.

"இன்னா சார் இது?"

"எனக்கு இன்னா தெரியும்? டீ குடிச்சிக்கினு கீறேன், டிங்குனு வந்துச்சி. பேரப் பாத்ததும் கிளாஸ கீழ வுட்டுட்டேன்."

"ரிஜெக்ட் பண்ணிடலியே?"

"செத்தவன் கேக்கறான், ரிஜெக்ட் பண்ணவா? நீ வேற! அப்ரூவும் பண்ண மாட்டேன். நான் அவனுக்கு அவுட் போட்டா நேரா எங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பான்."

"உயிரோட இருக்கசொல்ல தெனம் அவரத் திட்டிக்கினு இருந்தீங்க. இப்ப மட்டும் பயமா?"

"அதனாலதாம்மா பயமே!"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் திரையில் அந்தப் பெயரைத் திறந்தேன். படத்தில் மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு வரி: "கடைசியாக உள்ளே வந்தது: சற்று முன்." சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அவர் வேலை நேரத்தில் மெஷின் பக்கத்தில் சரிந்தவர். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், வழியிலேயே போய்விட்டார். காலையில் கேட்டில் விரல் வைத்து, இன் பஞ்ச் போட்டு உள்ளே வந்திருந்தார். வெளியே போகும்போது விரல் வைக்கவில்லை. எப்படி வைப்பார்? அவர் கணக்கை நானும் இன்னும் மூடவில்லை. அவருக்குக் கீழே இருக்கும் ஆறு பேரை வேறு லீடருக்கு மாற்றாமல் சிஸ்டம் அவரை விடாது. புது லீடர் யார் என்று மேலே முடிவாகவில்லை. ஆக, போர்ட்டலைப் பொறுத்தவரை அவர் எங்கள் ஊழியர்தான்.

கோரிக்கையை விரித்துப் பார்த்தேன். தேதி, அவர் இறந்த அதே நாள். வெளியே போன நேரம் 11:59, ராத்திரி. காரணம் எழுதும் கட்டத்தில் இரண்டே சொல்: "வெளிய வரல."

இன்ஜினியர் பிள்ளையாரைக் கூப்பிட்டார்.

எது எங்கிருந்து வந்தது என்று காட்டும் லாகைப் பார்த்தேன். வந்தது அவருடைய போனிலிருந்து. அப்போது விளங்கியது. எங்கள் கம்பெனியில் மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். செக்யூரிட்டி அவர் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் போனையும் அவர் மனைவியிடம் கொடுத்திருந்தார். ஆப் லாகவுட் ஆகாமல் அப்படியே இருந்திருக்கிறது. விளங்கிவிட்டது, சரி. ஆனாலும் அவருடைய நம்பருக்கே போன் போட்டபோது, நானும் போனைக் கையில் பிடிக்காமல் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேலேயே வைத்தேன்.

"ஆங்?" என்றது ஒரு பெண் குரல்.

"அக்கா, நான் கம்பெனிலேந்து..."

"நானே வரேன் பாப்பா."

மறுநாள் அவர் மனைவி திருமுக்கூடலிலிருந்து பஸ் பிடித்து வந்தார். உட்கார்ந்ததும் போனை என் பக்கம் திருப்பினார். அந்த மாதத்து வருகைக் காலண்டர். முதல் சில நாட்கள் பச்சை, அப்புறம் எல்லாம் சிவப்பு.

"இந்தச் செவப்பு இன்னா பாப்பா?"

"வரலன்னு அர்த்தம்க்கா."

"அது தெரியுது. அதுக்கப்புறம் வரல, சரி. எரிச்சாச்சி, எங்கேந்து வருவாரு? ஆனா அன்னிக்கி வந்தாரே? நான்தான் சாப்பாடு கட்டிக் குடுத்தேன். உங்க மெஷின்கிட்டதான வியுந்தாரு? அன்னிக்கே வரலன்னு போட்டுக்கினு கீதே இது!"

உள்ளே வந்த நேரம் மட்டும் இருந்து வெளியே போன நேரம் இல்லாவிட்டால், சிஸ்டம் அந்த நாளையே ஆப்சென்ட் என்று எடுத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் வருகைக் கணக்கைப் பூட்டிவிட்டால் கடைசிச் சம்பளச் சீட்டிலும் அதுதான் ஏறும். காப்பீட்டு ஆபீஸில் அவர் வேலையில் இருந்தபோது இறந்ததற்கு வருகைப் பதிவும் கடைசிச் சீட்டும் கேட்டிருந்தார்கள். அதைக் காட்டினால்தான் மனைவிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் பென்ஷன். வேலைக்கே வராத ஆள் வேலையில் எப்படிச் செத்தார் என்று கேட்டால் அவ்வளவுதான். அதற்காகத்தான் இவர் போனில் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்திருக்கிறார்.

"பதினொன்னு அம்பத்தொம்பதுன்னு நீங்களா போட்டீங்க?"

"காலியா வுட்டா போவ மாட்டேன்னுது. நாளு முடியற நேரத்தப் போட்டு வுட்டேன்."

"அது வேணாம்க்கா. ஆம்புலன்ஸ் போன நேரம் செக்யூரிட்டிகிட்ட கீது. அத அவுட்டா போட்டுட்றேன், அந்த நாளு பச்சையாயிடும்."

"வேணாம்."

"ஏன்க்கா? அப்பதான் பென்ஷன்..."

"அவரு போவல பாப்பா. தூக்கினு போனாங்க." குரல் உயரவே இல்லை. "உள்ள போனாரு, வூட்டுக்கு வரல. நடுவுல நீ இன்னா டைம் போடுவ?"

தட்டப்போன ஆம்புலன்ஸ் நேரத்தை விட்டுவிட்டு வேறு வழி தேடினேன்.

எச்.ஆருக்கு மட்டும் ஒரு திரை உண்டு. பஞ்ச் மெஷின் கெட்டுப்போனால் திறப்போம். அங்கே ஒரு நாளை, பஞ்ச் எதுவும் கேட்காமல், வந்தார் என்று நாங்களே மாற்றலாம். காரணம் மட்டும் எழுத வேண்டும். என் மேனேஜரிடம் ஓடினேன். "உண்மைய எழுது, மாத்து" என்றார். திரும்பி வந்து எழுதினேன்: பணியில் இருந்தபோது சரிந்தார். ஆம்புலன்ஸில் எடுத்துச் செல்லப்பட்டார். அவுட் பஞ்ச் இல்லை.

"ரிஃப்ரெஷ் பண்ணுங்கக்கா."

சிவப்பு வரிசையின் முதல் கட்டம் பச்சையானது. அதைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே: காலை நேரம். வெளியே: வெறும் கோடு.

பிறகு நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. புது லீடர் பெயர் வந்துவிட்டது. இன்றைக்கே ஆறு பேரையும் மாற்றிவிட்டு இவர் கணக்கை மூடுவேன். ஆப் தானாக வெளியேறிவிடும்.

"அதுல ஒரு பொண்ணு சீமந்தத்துக்கு லீவு கேட்டுக்கினு கீது பாப்பா. இதுலதான் வந்துச்சி. நான் தொடல. பாவம், அதுக்குப் பதில் சொல்லிடுங்க."

"இன்னிக்கே சொல்லிட்றேன்க்கா."

"அப்புறம் இத நான் பாக்க முடியாதா?"

"சீல் வெச்சி பிரின்ட் தரேன். போன்ல வராது."

"உன் கம்ப்யூட்டர்ல தெரியுமா?"

"எனக்கு எல்லாமே தெரியும்க்கா." அதைச் சொல்லும்போது முதல் தடவையாக எனக்கு அதில் கெத்து இல்லை.

"அப்ப நீயே பாத்துக்க. எவனாச்சும் அதுல டைம் போட வந்தா வுடாத."

பிரின்ட்டை மடிக்காமல், சாப்பாட்டுத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார்.

பென்ஷன் வந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு ஆடிட்டர் மட்டும் அந்தக் காலியிடத்தைக் காட்டி, நிரப்பச் சொன்னார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். வாயில் வந்தது ஒரே பதில்: "அவர் இன்னும் வெளியே வரவில்லை சார்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

இப்போதெல்லாம் ஷிப்ட் முடிந்து கேட்டில் விரல் வைத்தால், பச்சை விளக்கு எரிகிற வரை நான் நகர்வதில்லை. பின்னால் வரிசை கத்தும். கத்தட்டும்.