வாலில் நின்ற கோடு

எங்கள் மருத்துவமனைப் பணக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் பிராக்கெட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் காதுபடவே கூப்பிடுவோம். அவருக்கும் அதில் கோபம் கிடையாது. அவருக்கு நான் செய்தது என்ன என்பதை எழுதாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முப்பது கட்டில் உள்ள சின்ன மருத்துவமனை. சேர்க்கும்போது முன்பணம் கட்டச் சொல்வார்கள். வீட்டுக்குப் போகும்போது பில் போக மிச்சம் இருந்தால் கவுண்டரிலேயே திருப்பித் தருவார்கள். வசூலில் திருப்பிக் கொடுத்தது போக, மீதி ரொக்கம் மறுநாள் காலை வங்கிக்குப் போகும். இவ்வளவுதான் அண்ணனின் வேலை. சொல்லும்போது சுலபம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழுகிற ஆளையும் சண்டைக்கு வருகிற ஆளையும் வைத்துக்கொண்டு நோட்டு எண்ணிப் பாருங்கள், தெரியும்.

கணினி ஒரு பக்கம் அச்சடித்துத் தந்தாலும், அவர் தினமும் ஒரு தாளில் கையால் கணக்கு எழுதுவார். திருப்பிக் கொடுத்த தொகையை மட்டும் அடைப்புக்குறிக்குள் போடுவார். கணினியோ அதையே எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு இழுத்துக் காட்டும். 4,300 என்று எழுதி, கடைசியில் ஒரு கழித்தல் குறி. எண்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும் என்று அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்களாம்.

அண்ணனுக்கு அது பிடிக்காது. மென்பொருள்காரர் வரும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார்.

"தம்பி, அந்தக் கோட்டை எடுத்துட்டு பிராக்கெட்டு போட்டுக் குடுங்க. ஒத்தைக் கோடு வால்ல தொங்கிட்டு இருக்கு. எப்ப விழும்னு யாருக்குத் தெரியும்? பிராக்கெட்டுன்னா ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கும்ல?"

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே. அர்த்தம் மாறாது" என்பார் அவர். பக்கத்து மேசையிலிருந்து நானும் சிரிப்பேன். "விடுங்கண்ணே, கோட்டுக்குக் காவல் போட முடியுமா?" என்று ஒருநாள் நக்கல் வேறு அடித்தேன். பெரிய மேதாவி நான்!

நான் அங்கே கணக்கு எழுத வந்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் இருந்த கணக்கர் தினமும் அண்ணன் தாளையும் கணினித் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவாராம். அவர் ஓய்வுபெற்றதும் அந்த வழக்கம் நின்றுபோனது. நானும் அதைத் தொடரவில்லை. கணினி இருக்கும்போது இது என்ன வெட்டி வேலை என்று நினைத்தேன்.

மூன்று மாத வசூலையும் மொத்தமாகக் கூட்டி வங்கிக் கணக்கோடு சரிபார்த்துத் தா என்று மேலாளர் சொன்னார். கணினி அறிக்கையை அப்படியே நகலெடுத்து விரிதாளில் ஒட்டினேன். ஒவ்வொரு நாளின் மொத்த வரியையும் நீக்கினேன். விட்டுவைத்தால் தொகை இரண்டு முறை கூடிவிடும், அதெல்லாம் எனக்குத் தெரியும். பில் எண்களில் நடுவே கோடு இருந்தது. அது எனக்கு இடைஞ்சல். தொகைப் பத்தியில் சில எண்கள் மட்டும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு கூட்டலில் சேராமல் முரண்டு பிடித்தன. வாலில் கோடு இருந்ததால் விரிதாள் அவற்றை எண்ணாகவே எடுக்கவில்லை, வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது. எனக்கு அது புரியவில்லை. முன்பு நான் இருந்த அலுவலகத்தில் கழித்தல் குறி எண்ணுக்கு முன்னால்தான் நிற்கும். இதையும் பில் எண்ணில் இருந்ததுபோல ஏதோ குப்பை என்று நினைத்து, தாள் முழுவதையும் தேர்ந்தெடுத்து, கோடு இருக்கும் இடமெல்லாம் ஒன்றுமில்லாமல் மாற்று என்று ஒரே தட்டு. எண்கள் எல்லாம் வலப்பக்கம் சமர்த்தாக வரிசையில் நின்றன. பார்க்க அவ்வளவு அழகு.

கூட்டினேன். வங்கியில் கட்டியதை விட வசூல் 86,400 அதிகம்.

இன்னும் இரண்டு தடவை கூட்டினேன். அதே தொகை. அண்ணனுடைய ஐந்து மாதச் சம்பளம் அது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள்ளே ஒரு துளி பெருமையும் இருந்தது. வந்த நாலாவது மாதத்திலேயே திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேனே என்று. இதை எழுதவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மேலாளர் அண்ணனைக் கூப்பிட்டார். நான் அறிக்கையோடு ஓரமாக நின்றேன்.

"சார், தினமும் கட்டியிருக்கேனே. வங்கிச் சீட்டு இருக்கு, என் தாள் இருக்கு."

"உங்க தாளை நீங்கதானே எழுதினீங்க? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? ஒரு வாரம் டைம். கட்டிட்டுக் கௌரவமாப் போயிடுங்க. இல்லன்னா போலீஸுக்கு எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாப் பார்த்தியாம்மா?" என்று கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

"மூணு தடவை கூட்டிட்டேண்ணே" என்றேன் விறைப்பாக.

அந்த வாரம் முழுக்க அவர் கவுண்டரில் உட்கார்ந்தார். ஒவ்வொரு நோட்டுக் கட்டையும் மூன்று முறை எண்ணினார். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. "என்ன பெருசு, நோட்டுக்குத் தாலாட்டா பாடுறீங்க?" என்று யாரோ கத்தினார்கள். முந்தின வருடம் அவர் கண்ணில் அறுவை செய்திருந்தார்கள். ஐந்நூறை நூறு என்று நினைத்து யாருக்காவது கொடுத்துவிட்டேனோ என்று செவிலியிடம் கேட்டாராம். ஐந்தாம் நாள் 86,400 முழுசாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ராஜினாமாக் கடிதமும் வைத்தார். "குத்தம் பண்ணாதவன் எதுக்குக் கட்டுறான்?" என்று மேலாளர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

கவுண்டர் சாவியோடு தன் தாள்கட்டுகளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கவுண்டருக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு அம்மா வந்தார். கணவரைச் சேர்த்திருந்தவர். ஏதோ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, மருத்துவமனைக்கு எவ்வளவு கட்டினோம் என்று எழுதி வாங்கிவரச் சொல்கிறார்கள் என்றார். பில் எண்ணை என் விரிதாளில் தேடினேன்.

"பத்தாயிரம் கட்டியிருக்கீங்க. அப்புறம் ஒரு 4,300. மொத்தம் 14,300."

"ரெண்டாவது எங்கம்மா கட்டினேன்? அந்த 4,300 எனக்குத் திருப்பிக் குடுத்ததாச்சே. கண்ணாடிக்குப் பின்னால இருந்தவர் என் கையில வச்சு, 'பத்திரமா எடுத்துட்டுப் போம்மா, பஸ்ல கூட்டம்'னு சொன்னாரே!"

அண்ணனின் தாள்கட்டை அன்றுதான் முதல் தடவையாகப் பிரித்தேன். அந்தத் தேதி, அந்தப் பில். முத்து முத்தான கையெழுத்தில் (4,300). கணினியின் பழைய அச்சுத் தாளை எடுத்தேன். 4,300, வாலில் கோடு. என் விரிதாளில் வெறும் 4,300.

அந்த அம்மாவுக்கு 5,700 என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு 86,400ஐ இரண்டால் வகுத்தேன். கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டால் பிழை இரட்டிப்பாகத்தான் வரும், இது கணக்குப் படித்த எவருக்கும் முதல் வருடமே சொல்லித்தருவது. பாதி 43,200. அண்ணனின் தாள்களில் அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டினேன். மூன்று மாதமும் சேர்ந்து 43,200. ஒரு காசு கூட, குறைய இல்லை.

எழுந்து மேலாளர் அறைக்குப் போய் இரண்டு தாளையும் மேசையில் வைத்து, "தப்பு என்னுது சார். கோட்டை நான்தான் அழிச்சேன்" என்றேன். அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "சரி, பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாம். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். "அவர் திருடன்னு எல்லாருக்கும் தெரியும் சார். திருடன் இல்லைங்கறது மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாமா? நீங்க போர்டுல ஒட்டலைன்னா நான் எழுதி ஒட்டுறேன்" என்று கத்திவிட்டேன். மறுநாள் மேலாளரே கையெழுத்துப் போட்டு ஒட்டினார்.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் செங்கல் அடுக்கியிருந்தது. மாடியில் ஓர் அறை எழுப்ப வைத்திருந்த பணத்தைத்தான் கொண்டுவந்து கட்டியிருக்கிறார். கதவைத் திறந்த அண்ணி என்னைப் பார்த்ததும் முகம் கொடுக்கவில்லை.

"இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு வந்தே?"

நான் வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் உள்ளிருந்து வந்து, தாள்களை வாங்கி, விளக்கடியில் பிடித்து, அந்தக் கோடு இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்ப நான் எண்ணினது சரிதானேம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"சரிதாண்ணே. எல்லா நாளும் சரி."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. கை மறந்துபோச்சோ, கண்ணு போயிடுச்சோன்னு. கடைக்குப் போனாக்கூடச் சில்லறையை இவ கையிலதான் குடுக்கச் சொல்றேன்." அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்ப வேலைக்கு வாருங்கள் என்று மேலாளர் சொல்லி அனுப்பினார். அண்ணன் வரவில்லை. "போதும்மா. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இனிமே என்னால உட்கார முடியாது" என்றார். நான் கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. நான் சாகும் வரைக்கும் அது என்னோடு இருக்கும்.

மென்பொருள்காரரைப் பிடித்து உட்காரவைத்து, அறிக்கையில் வாலில் இருந்த கோட்டை எடுத்து அடைப்புக்குறி போடவைத்தேன். "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றார். "ஒண்ணுதான். போடுங்க" என்றேன். ஒட்டிப் பார்த்தேன், விரிதாள் அதைத் தானாகவே கழித்தல் என்று எடுத்துக்கொண்டது. இருந்தாலும் தினமும் கவுண்டர் தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

பணம் வாங்க அண்ணன் ஒருநாள் வந்தார். அறிவிப்புப் பலகைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. புதிய பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் இந்தப் பக்கம் நின்றார். தாளில் அன்றைய கடைசி வரி, அவர் பெயருக்கு நேராக (86,400). நான்தான் எழுதினேன். அவர் அதைப் பார்த்துத் தலையசைத்தார்.

கட்டுகளை எடுத்து எண்ண ஆரம்பித்தார். பழைய வேகத்தில் கட்டைவிரல் ஓடியது. எண்ணி முடித்து நிமிர்ந்தார். "சரியா இருக்கு" என்று பையில் வைத்தார்.

ஒரே ஒரு தடவைதான் எண்ணினார்.