அந்த முடிவு யாருடையது

எங்கள் நிறுவனம் சென்னையில் இருக்கிறது. நான் மட்டும் காரைக்குடியில், செக்காலையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருள் செய்கிறோம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில், மகள் கோயம்புத்தூர் விடுதியில். பகலெல்லாம் திரையில் முகங்கள் வந்து பேசும். பேச்சு முடிந்தால் அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும், மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சும். "பேச்சுத் துணையில்லாத வீட்டுல பல்லியும் சொந்தந்தான்" என்பார் கீழ்வீட்டுக்காரம்மா. இப்போது அவரும் மகனோடு திருச்சிக்குப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் எனக்குத் துணையாக ஒரு ப்ராடக்ட் மேனேஜரை எடுக்க நிறுவனம் சம்மதித்தது. மென்பொருளில் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுத்து, அதனால் வரும் நல்லது கெட்டதுக்குப் பொறுப்பேற்கிற ஆள். நானும் அதே வேலைதான் பார்க்கிறேன், ஆனால் இதைப் படித்து வரவில்லை. வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கும் பெண்ணாகச் சேர்ந்தேன். பரிசோதனைக் கூடக்காரர்கள் திட்டத் திட்டக் கற்றுக்கொண்டேன். அதனால் ஒரு ரெஸ்யூமில் பதவிப் பெயர் என்ன போட்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிதில்லை. ஒரே வேலைக்கு ஒரு கம்பெனியில் ஒரு பெயர், அடுத்த கம்பெனியில் வேறு பெயர்.

ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் பையன், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், சென்னையிலிருந்து ஒரு ரெஸ்யூமை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"மேடம், இது தேறாதுன்னு நினைக்கிறேன். முதல் கம்பெனில 'அசோசியேட், டிஜிட்டல் முயற்சிகள்'. அடுத்ததுல 'லீட், சிறப்புத் திட்டங்கள்'. ப்ராடக்ட்ங்கிற வார்த்தையே இல்ல."

"தம்பி, தலைப்பாகையப் பாத்து மாப்பிள்ளைனு சொல்லக்கூடாதுப்பா. மாப்பிள்ளைத் தோழனும் கட்டியிருப்பான். கீழ இருக்க வரியப் படி."

"உங்க பழமொழிக்கு ஒரு ஃபைல் போடணும் மேடம்" என்று சிரித்தான்.

கீழே இருந்த வரிகள் நன்றாக இருந்தன. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் சேவையில் அன்றைக்கே பதிவுசெய்து அன்றைக்கே வரச்சொல்லும் வசதியை நிறுத்தியதால், கடைசி நேர ரத்துகள் பாதியாகக் குறைந்தன என்று ஒரு வரி. இருக்கிற ஒன்றை நிறுத்துவது லேசில்லை. புதிதாகச் சேர்க்க எல்லோரும் வருவார்கள். நிறுத்த ஒருவர் துணிய வேண்டும். நாங்கள் ரெஸ்யூமைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுவோம்: முடிவெடுத்தவர், முடித்துக்கொடுத்தவர், உடனிருந்தவர். அந்த வரிக்கு 'முடிவெடுத்தவர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். அப்புறம்தான் முகவரியைப் பார்த்தேன். சொந்த ஊர் ஒக்கூர், எங்கள் சிவகங்கைப் பக்கம்தான்.

அந்தப் பெண் இப்போது பெங்களூரில் இருக்கிறாள், ஊருக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், திரையில் வேண்டாம், நேரிலேயே பார்க்கிறேன் என்றேன். தம்பியும் சரி என்றான்.

முப்பது வயதிருக்கும். படியேறி வந்தவள் வாசலிலேயே, "அக்கா, அங்குட்டு ஒரு தெரு இங்குட்டு ஒரு தெருன்னு ரெண்டு சுத்து சுத்திட்டேன். இப்படி ஒளிஞ்சா இருக்கீக?" என்றாள். எத்தனை நாளாயிற்று அந்தப் பேச்சு என் அறைக்குள் கேட்டு. எங்கள் பக்கத்துப் பலகாரம், கடையில் வாங்கி வைத்திருந்த மசாலா சீயத்தை எடுத்து வைத்தேன். தயங்காமல் சாப்பிட்டாள். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம், கூடப்பிறந்த தம்பி துபாயில், அம்மாவால் ஒற்றையாகத் தூக்கி உட்காரவைக்க முடியவில்லை. "இந்த வேலை கெடைச்சா நான் ஊரோட வந்துருவேங்க்கா. வேற எந்தக் கம்பெனி காரைக்குடியில உக்காரச் சொல்லுது?"

நான் மனத்துக்குள் எதிர்ப்பக்கம் ஒரு மேசை போட்டுவிட்டேன். மத்தியானம் இருவர் சாப்பாடு, சாயங்காலம் டீக்கு இறங்குவது எல்லாம் வந்து நின்றது.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அந்த அன்னைக்கே வர்ற வசதிய நிறுத்துனீகள்ல, வேற என்ன வழியெல்லாம் யோசிச்சீக?"

"அது மேலாளர் கூட்டத்துல பேசியிருப்பாகக்கா."

"அதை நிறுத்துனா பதிவும் கொறையுமே?"

"கொறஞ்சுச்சுக்கா. பத்துல ஒண்ணு." எண் நாக்கு நுனியில் இருந்தது.

"எவ்வளவு கொறஞ்சா திரும்பத் தொறந்திருப்பீக?"

யோசித்தாள். "அதை யாரும் எனக்குச் சொல்லலையேக்கா."

வழுக்கும் இடத்தில் கை கொடுப்பதுபோல் கேட்டேன்: "முதல்ல இதை நிறுத்தலாம்னு சொன்னது நீதானத்தா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் சீயத்தைத் தட்டில் வைத்தாள்.

"இல்லக்கா. எங்க மேலாளர் சொன்னாக. எந்தெந்த ஊர்ல எத்தனை ரத்துன்னு எடுத்துக் குடுத்தது நானு. சொன்ன தேதிக்கு நிறுத்திக் காட்டுனதும் நானு. முடிவு அவுகளுது."

"வேற எதையாவது, யாரும் சொல்லாம, இது வேண்டாம்னு நீயே வெட்டுனது உண்டா? சின்னதா இருந்தாலும் சொல்லு."

மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகப் பேசினோம். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒருவர் இருந்தார். "ஊர் கூடித்தானக்கா தேர் இழுக்கணும்?" என்றாள் கடைசியில், கொஞ்சம் ரோஷத்தோடு.

"நெசந்தான் தாயி. ஆனா தேரு முக்குல திரும்புறப்ப எந்தச் சக்கரத்துக்குக் கட்டை குடுக்கணும்னு ஒருத்தர் சொல்லணும். வடம் புடிச்சவுகளுக்கு அது தெரியாது. அந்த ஆளைத்தான் தேடுறேன்."

"வந்து கத்துக்கிருவேனே?"

கற்றுக்கொள்வாள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த நாற்காலியில் சேர்ந்த மாதமே ஒரு பரிசோதனைக் கூடக்காரர் கத்துவார், சென்னையில் பொறியாளர்கள் எதை முதலில் செய்ய என்று காத்திருப்பார்கள். கேட்க மேலே ஆளிருக்காது, நானும் என் பங்கு முடிவுகளில் மூழ்கியிருப்பேன். தவறான முடிவென்றால் ஒரு நோயாளியின் அறிக்கை இன்னொருவர் கைக்குப் போகும். இதை அவளிடம் அப்படியே சொன்னேன். ரெஸ்யூமில் 'நிறுத்தும் வேலையைச் சொன்ன தேதிக்குச் செய்து முடித்தேன்' என்று உள்ளதை உள்ளபடி போட்டால் செயல்படுத்தும் வேலைக்கு நான்கு பேர் தேடி வருவார்கள் என்றும் சொன்னேன்.

"அந்த வேலை இங்க இருக்காக்கா?"

"சென்னையிலதான்."

"சென்னைன்னா பெங்களூருலயே இருந்துக்கிருவேன்" என்றாள். கோபமில்லை. தட்டைக் கழுவப் போனவளைத் தடுத்தேன். கேட்கவில்லை, கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள்.

தம்பியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, இந்த வேலைக்கு வேண்டாம், சென்னைச் செயல்படுத்தும் அணிக்குக் கேட்டுப் பார், அவள் வருவாளா தெரியாது என்றேன்.

"தலைப்பப் பாக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்?"

"இப்பவும் பாக்கல. அந்த வரிக்கு நான் எழுதுனதை மாத்து. முடித்துக்கொடுத்தவர்."

"இவ்வளவு நேர்மையான பொண்ணு மேடம்."

"அந்த நேர்மைதாம்ப்பா முடிவு அவளுது இல்லன்னு எனக்குச் சொல்லுச்சு."

அடுத்து இரண்டு ரெஸ்யூம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

ஞாயிறு சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது. பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டாளாம். அப்பாவைத் தூக்க ஒரு ஆள் வைத்திருக்கிறாளாம், காலையில் மட்டும் வருவாராம். "வந்தா பாக்குறேங்க்கா, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று முடித்திருந்தாள். சாயங்காலத்துக்கு யார் தூக்குவார்கள் என்று தட்டினேன். வேலை இல்லை என்று அனுப்பியவள், அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அழித்துவிட்டு, "பத்திரமாப் போ தாயி" என்று மட்டும் அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. ஏதோ எழுதுகிறாள் என்றும் கொஞ்ச நேரம் காட்டியது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.