எண்பத்திரண்டு என்ற பூதம்

நோர்வேயின் ஸ்டோவ்னரில் எங்கள் வீட்டின் காற்றுத்துறை அமைச்சர் நான்தான். யாரும் வாக்களிக்கவில்லை, கைபேசியில் காற்றின் தரம் காட்டும் இரண்டு செயலிகளை இறக்கிவிட்டு நானே பதவியேற்றேன். மனைவிக்கு ஆஸ்துமா. மாரிக்குளிர் தொடங்கியதும் ஒருநாள் அவள் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த பயம் எனக்கு இறங்கவேயில்லை.

அவளுக்கோ பின்னேரத்தில் காட்டோரப் பாதையில் அரைமணி நேரம் நடக்கவேண்டும். அதில்லாவிட்டால் முகம் வாடிவிடும்.

"இஞ்சரும், எண்பத்திரண்டு! சப்பாத்தைக் கழட்டும்" என்று கைபேசியை நீட்டினேன்.

"நேற்று எழுபத்தைஞ்செண்டு மறிச்சனீங்கள். உது எப்பதான் இறங்கும்?"

நோர்வேச் செயலியின் அட்டவணையில் நுண்துகள் ஐம்பதைத் தாண்டினால் சிவப்பு. வெளிநாட்டுச் செயலியோ எண்பத்திரண்டு என்றது. அப்படியானால் கடும் சிவப்புத்தானே! நோர்வேச் செயலி பச்சையைத்தான் காட்டியது. இந்த நாட்டவர் எதற்கும் பதறாதவர்கள் என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

இப்படியே மூன்று வாரம். அவள் யன்னலோரம் இருந்து பாதையைப் பார்ப்பாள். ஒருநாள் மனம் கேளாமல், கறித்தூளாவது புதிதாக இடித்துக் கொடுப்போமென்று, யன்னல்களையும் காற்றுத் துவாரங்களையும் இறுக்கிச் சாத்திவிட்டு மிளகாய் வறுத்தேன். அன்றுதான் அவளுக்கு உண்மையிலேயே இருமல் பிடித்தது.

அடுத்த வாரம் மருத்துவ நிலையத்தில், ஆஸ்துமாவைக் கவனிக்கும் தாதியிடம் என் செயலிகளை விரித்துக் காட்டினேன்.

"இந்த வெளிநாட்டுச் செயலி காட்டுவது சுட்டெண், காற்றிலுள்ள துகளின் மைக்ரோகிராம் அளவு அல்ல" என்றார் அவர் பொறுமையாக. "இந்த எண்பத்திரண்டு ஏறக்குறைய இருபத்தாறு மைக்ரோகிராம். எங்கள் அட்டவணையில் பச்சைதான். ஒன்றின் எண்ணை மற்றதன் அட்டவணையில் வைக்கக்கூடாது. அதோடு, நீங்கள் பார்க்கும் அளவீட்டு நிலையம் எங்கே நிற்கிறது?"

செயலியின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே, நகரப் பக்கமாக, பெருந்தெருவோரம். நாங்கள் இருப்பது மேட்டில்.

"சிவப்பென்றால் தெருவோரத்தைத் தவிர்த்து, நடையைக் குறைக்கலாம். பச்சையிலும் நெஞ்சு இறுகினால் நிற்கவேண்டும். உள்ளிழுக்கும் உடனடி மருந்து எப்போதும் பையில் இருக்கட்டும். சரி, கடைசியாக எப்போது இருமல் வந்தது?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மிளகாய்க் கதையை நானே ஒப்புக்கொண்டேன்.

"யன்னல்?"

"பூட்டித்தான்."

தாதி எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

அன்று பின்னேரமே நடக்கப் போனோம். குளிர்காற்று நெஞ்சில் படாமல் அவள் வாயைச் சால்வையால் மூடியிருந்தாள். மருந்து என் சட்டைப்பையில். மூன்று வாரத்துப் பேச்சையெல்லாம் அவள் அந்தப் பாதையிலேயே கதைத்துத் தீர்த்தாள். ஏற்றத்தின் பாதியில் நான்தான் இளைத்துப்போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்து என் கம்பளித் தொப்பியைச் சரிசெய்தாள்.

"அமைச்சர், இப்ப உங்கட நிறம் என்ன?"

"சிவப்பு" என்றேன், மூச்சு வாங்க.

"அப்ப மெல்லமா நடவுங்கோ" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.