தச்சன் வராத கப்பல்

அன்று மேசையைச் சுற்றி நால்வர் இருந்தோம்: கேப்டனாக ஆடியவன், சுக்கான் பிடித்தவன், பீரங்கிக்காரன், விதிகளை எழுதி ஆட்டத்தை நடத்திய நான். வராதவன் தச்சன். கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் இருந்தான்; அந்தச் சனிக்கிழமை முகாமில் அவனுக்குக் காவல் முறை.

பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை. கடற்கொள்ளைக்காரர் ஆட்டத்துக்கான கப்பல் சண்டை விதிகளை இரண்டு மாதம் எழுதியிருந்தேன். அன்று சரியாக ஓடினால் எங்கள் விளையாட்டு மன்றம் அவற்றை ஏற்கும். மன்றச் செயலாளர் அந்தக் கேப்டன்தான். பகடைகளும் அவனுடையவை.

விதிகளில் சிக்கலே இல்லை. ஒரு சுற்றில் ஒருவனுக்கு ஒரு வேலை. கேப்டன் வேறு ஒருவனுடைய பகடை எண்ணோடு ஒன்று கூட்டலாம். சுக்கான்காரன் கப்பலைத் திருப்புவான், பீரங்கிக்காரன் சுடுவான், தச்சன் ஓர் ஓட்டையை அடைப்பான். ஆளில்லாத வேலையை வேறு எவனும் செய்யலாம், அந்தச் சுற்றில் தன் வேலையை விட்டுவிட்டு. கப்பலுக்குப் பன்னிரண்டு கட்டம்; அத்தனையிலும் குறி விழுந்தால் மூழ்கும். எதிரிக்காக நான் சுற்றுக்கு ஒரு பகடை உருட்டுவேன். நான்கோ ஐந்தோ விழுந்தால் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி. ஆறு விழுந்தால் குறியோடு ஓர் ஓட்டையும். அடைக்கும்வரை, சுற்று முடியும்போதெல்லாம் ஒவ்வோர் ஓட்டைக்கும் தண்ணீர் ஏறி இன்னொரு குறி.

முதல் உருட்டலே ஆறு. ஒரு குறி போட்டேன். தண்ணீருக்கு இன்னொன்று.

"மச்சான், நான் போய் அடைக்கவா?" என்றான் சுக்கான்காரன்.

"நீ ஓட்டுடா. தச்சன் வேலையெல்லாம் கூலி வேலை லா," என்றான் கேப்டன்.

"அப்ப நீயாவது போடா," என்றேன்.

"நானா? நான் கேப்டன்!"

பீரங்கிக்காரன் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. என் அப்பா ஜூரோங் கப்பல் பட்டறையில் கப்பல்களின் தொட்டிக்குள் இறங்கித் துரு சுரண்டும் கூலியாள். அது அவனுக்குத் தெரியும்.

இரண்டாம் சுற்றில் நான்கு விழுந்தது. தண்ணீரோடு சேர்த்து இதுவரை நான்கு கட்டம். மூன்றாவதில் மறுபடி ஆறு. இப்போது இரண்டு ஓட்டை, ஏழு கட்டம். சுக்கான்காரன் என்னைப் பார்த்தான், பிறகு கேப்டனின் பகடைப் பையைப் பார்த்தான், கப்பலைத் திருப்பினான். அவன்மீதும் எனக்கு ஆத்திரம். நான்காவதில் ஐந்து, பத்துக் கட்டம்.

"சுடுடா, சுடுடா!" என்று கேப்டன் கத்திக்கொண்டே இருந்தான்.

ஐந்தாவதில் எனக்கு ஒன்றுதான் விழுந்தது. குண்டு கடலில்.

"பாத்தியா? தப்பிச்சோம்!"

இரண்டு ஓட்டையின் தண்ணீருக்கு, கடைசி இரண்டு கட்டத்தையும் அடித்தேன். கப்பல் மூழ்கியது.

அவன் பகடைகளைப் பைக்குள் அள்ளினான். "உன் ரூல்தான் தப்பு. குண்டே படாம எந்தக் கப்பல்டா முழுகும்? மன்றத்துக்கு இது வேணாம்."

தாளைத் திருப்பி, பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்தி எழுதி அவன் முன்னால் தள்ளினேன். எதிரியின் குண்டுக்கு நான்கு. நாங்கள் அடைக்காத ஓட்டைக்கு எட்டு. ஆகப் பன்னிரண்டு.