பம்புசெட் நாடகத்தில் நடுப்படம் யாருக்கு

2025 ஆகஸ்ட் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. ஆத்தூர்ப் பக்கம் நல்ல மழை என்றார்கள். எனக்குக் கிடைத்தது மூக்குக்கண்ணாடியில் ஏழு துளி. அதைத் துடைத்துக்கொண்டு ஃபிளெக்ஸ் கடைக்குள் நுழைந்தேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் தெருச் சங்கத்தின் ஆண்டு விழா. அதில் என் நாடகம். பதினான்கு வருடம் பீரோவில் கிடந்தது, என் எழுபத்தொரு வயதில் மேடையேறப் போகிறது. கதை சின்னது. அகரம் பக்கம் மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு கிணறு, ஒரு பம்புசெட். மூத்தவன் கிணற்றோடு நிலத்தை விற்கணும் என்கிறான். இளையவன் கூடாது என்கிறான். நடுவுள்ளவன் பம்ப் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இருவருக்கும் "சரி" என்கிறான்.

நடிகர்கள் மூவரும் எங்கள் தெரு. மூத்தவனாக காய்கறி கமிஷன் கடைக்காரர், இளையவனாக பிரியாணிக் கடை பாய், நடுவுள்ளவனாக டெய்லர். சண்டை வரக்கூடாது என்று ஆளுக்கு நாற்பத்தோரு வசனம், ஆறு முறை மேடைக்கு வருவது, பதினெட்டு நிமிடம் என்று சமமாகப் பிரித்துவிட்டேன். மின் அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஒரு யூனிட் கூடக் குறைய விடமாட்டேன்.

கம்ப்யூட்டரில் இருந்த பெண் மூன்று படங்களையும் வாங்கிப் பார்த்தாள்.

"நடுவுல பெருசா யாரு சார்?"

"மூணும் ஒரே அளவும்மா."

ஒரே அளவில் வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள். மூவரும் வெள்ளைச் சட்டையில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணீர் அஞ்சலி போர்டு மாதிரி இல்ல? மூணு பேரும் ஒரே வேன்ல போனாப்ல இருக்கு. ஹீரோ யாருன்னு ஒரு மணிக்குள்ள சொல்லுங்க சார். அப்புறம் கல்யாண ஆர்டர் ஏத்திருவேன், விழா முடிஞ்சுதான் உங்களுது வரும்."

நான் செய்த தவறு, மூவரையும் டீக்கடைக்கு வரச்சொல்லி அதைக் கேட்டது.

"மொதல்ல வர்றது யாரு? நான்தான," என்றார் கமிஷன் கடைக்காரர். "திரை தொறந்ததும் என் மூஞ்சி. இதுக்கு ஆராய்ச்சி வேற."

"கடைசியா அழுவுறது யாரு மாப்ள? மொதல்ல வர்றவன் ஹீரோன்னா கல்யாணத்துல வாழைமரம்தான் மாப்பிள்ளை," என்றார் பாய். "என் படம் சின்னதா வந்துச்சு, நான் நடிக்கல சார். ஆண்டு விழா பிரியாணியும் வராது."

"நானும் நடிக்கல," என்றார் கமிஷன் கடைக்காரர்.

டெய்லர் டீயை ஆற்றிக்கொண்டு, "எம்படம் வேண்டாம் சார். வசனத்துலயும் ஒரு இருவது கொறச்சீங்கன்னா நல்லாருக்கும்," என்றார்.

ஒருவர் நின்றாலும் நாடகம் திரும்பப் பீரோவுக்குத்தான். எனக்கு இன்னொரு பதினான்கு வருடம் கிடையாது. கையெழுத்துப் பிரதியை விரித்து வார்த்தைகளை எண்ணினேன். 612, 609, 614. ஐந்து வார்த்தை வித்தியாசத்தில் ஒருவனைக் கதாநாயகன் என்று சொல்ல எனக்கே கூசியது. மனைவிக்குப் போன் செய்தேன். அவள் பார்க்கும் சீரியலில் நான்கு மருமகள்கள். நால்வருக்கும் ஒரே அளவு அழுகை. ஆனால் முதல் வாரத்திலேயே, "மூணாவதுதான் கதை" என்று சொன்னவள்.

"அது எப்படித் தெரிஞ்சுச்சு?"

"மத்த மூணு பேரும் ஊருக்கே தெரியப் பேசுறாளுங்க. இவ மனசுல இருக்கறது இவளுக்கும் நமக்கும் மட்டும்தான தெரியும். மாட்டிக்குவாளோன்னு நமக்குத்தான பதறுது? அதுக்குத்தான் மறுநாளும் பாக்குறோம். இதைப் போய் எண்ணிப் பாப்பாகளா? வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க."

பிரதியை மறுபடி பார்த்தேன். நிலத்தை வாங்க வந்தவனிடம் நடுவுள்ளவன் ரகசியமாக முன்பணம் வாங்கியிருக்கிறான். அது அண்ணனுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது, சபைக்கு மட்டும் தெரியும். இதை எழுதியவன் நான். எனக்கே அன்றுதான் உறைத்தது.

அவசரப்படாமல் மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டை மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தேன். மூத்தவனைக் கதையிலிருந்து எடுத்தால், விற்கச் சொல்லும் வேலையை ஒரு நிலத் தரகர் செய்துவிடுவார். இளையவனை எடுத்தால், விற்காதே என்று அழ ஒரு அத்தை போதும். நடுவுள்ளவனை எடுத்தால், இரண்டாம் காட்சியிலேயே இருவரும் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். கதையே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. மூத்தவன் முதல் காட்சியில் கேட்பதைத்தான் கடைசிக் காட்சியிலும் கேட்கிறான். இளையவனும் அப்படியே. எல்லோருக்கும் "சரி" சொன்ன நடுவுள்ளவன்தான் கடைசியில் முன்பணத்தை எல்லோர் முன்னும் திருப்பிக் கொடுத்து, "அறுப்பு முடியிற வரைக்கும் யாருக்கும் தரமாட்டேன்" என்று பம்ப் ரூமைப் பூட்டுகிறான். அவன் எடுக்கும் முடிவில்தான் கதை திரும்புகிறது. மாறுவதும் அவன் மட்டும்தான். முதலில் வருவதும் கடைசியில் அழுவதும் வெறும் இடம். யார் முடிவுக்காக மற்றவர்கள் காத்திருக்கிறார்களோ அவனே நாயகன்.

இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். இருவரும் கேட்டார்கள், தலையாட்டினார்கள். மணி பன்னிரண்டு ஐந்து. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

"சார் சொல்றது நாயம்தான்," என்றார் கமிஷன் கடைக்காரர். "அப்ப அந்த வேஷத்த எனக்குக் குடுங்க."

"அதெப்புடி? எனக்குத்தான்," என்றார் பாய். "ஏம்ப்பா டெய்லர், மாத்திக்கிருவோமா?"

டெய்லர் "சரி பாய்" என்றார். பாய் கை கழுவப் போனதும் கமிஷன் கடைக்காரர் குனிந்து கேட்டார். அவருக்கும் "சரிண்ணே" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் இரண்டு சரியும் கேட்டது. மாட்டிக்கொள்வாரே என்று எனக்குப் பதறியது.

திரும்பி வந்த பாயும் மற்றவரும், "எனக்குச் சரின்னான்", "எனக்குத்தான்யா சரின்னான்" என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. மணி பன்னிரண்டு நாற்பது. டெய்லர் முகத்தில் வேர்வை. பிறகு டம்ளரை டொக்கென்று வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் கெடயாது. நானே நடிச்சுக்கிறேன். நாப்பத்தோரு வசனத்தையும் பேசுறேன். சார், எம்படத்த நடுவுல போடுங்க."

இப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

"அப்ப நாங்க நடிக்கல," என்றார்கள் இருவரும் ஒன்றாக. அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"தரகர் ஒருத்தரும் அத்தை ஒருத்தரும் போதும்னு சார்தான இப்ப சொன்னாரு," என்றார் டெய்லர். "எங்க அத்தை சும்மாத்தான் இருக்கு. நல்லா அழுவும்."

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். பாய் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றார்.

"நடிக்கிறோம்," என்றார் கமிஷன் கடைக்காரர். "ஆனா எங் கடை வாசல்ல எம்படம் மட்டும் தனியா ஒரு ஃபிளெக்ஸ் வேணும்."

"எனக்கும்," என்றார் பாய். "அதே அளவு. ஒரு அடி கூடக் கொறையக் கூடாது."

ஒரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது கடைக்கு ஓடினேன். டெய்லரை நடுவில் போடச் சொன்னதும் அந்தப் பெண், "நெனச்சேன் சார். இவரு ஒருத்தருதான் எதையோ மறைக்கிற மாதிரி பாக்குறாரு," என்றாள்.

சதுர அடி பதினான்கு ரூபாய். பத்துக்கு ஆறு ஒன்று, எண்ணூற்று நாற்பது. ஆறுக்கு நான்கு இரண்டு, அறுநூற்று எழுபத்திரண்டு. டீயும் பிஸ்கட்டும் தொண்ணூற்றாறு. தக்காளி ஒரு கிலோ முப்பது. சங்கத்தில் ஒரு ஃபிளெக்ஸுக்குக் கூடப் பணம் தரவில்லை. கதாசிரியர் செலவாம். மொத்தம் ஆயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு ரூபாய்.