பலகை குடித்த சூடு

தொண்ணூறுகளில் ஓசூர் தொழிற்சாலையில், துளைக்குள் நுழையும் நீளக்கால் ஐசி சில்லுகளை விட்டு, சர்க்யூட் பலகை மேலேயே ஈயம் உருக்கி சால்டர் வைக்கும் குட்டி ஐசிகளுக்கு மாறினோம். கால் குறுகியதும், மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் அதன் இண்டக்டன்ஸும் குறைந்தது. எங்களை வதைத்த சிக்னல் இரைச்சல் அடங்கியது. ஆனால் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஐந்து வோல்ட் ரெகுலேட்டர் பத்தே நிமிடத்தில் கொதித்துப்போய் நின்றுவிட்டது.

பழைய ரெகுலேட்டரின் சூட்டை அலுமினியத் தகடு வாங்கிக்கொண்டது. புதியதற்குப் பலகையின் செம்புப் பரப்புதான் கதி. சால்டர் வைக்கும்போது சூடு செம்புக்குள் ஓடிவிடாமல் எளிதாக இருக்கட்டுமென்று, ரெகுலேட்டரின் காலை அந்தச் செம்போடு மெல்லிய கோடுகளால் மட்டும் இணைத்து வரைந்த மடையன் நான்தான். முழுதாக இணைத்து மறுபடி வரைந்தேன்.

புதுப் பலகை வந்ததும், சால்டர் வைக்கும் அக்கா எரிச்சலோடு கத்தினார்: "சார், ஈயம் உருகவே மாட்டேங்குது! சூட்டையெல்லாம் பலகையே குடிச்சிடுது!"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.